சல்லடைக்கு மேலே நின்ற மணல்

எனக்குக் கோபம் வரும். அதைச் சொல்லிவிட்டே ஆரம்பிக்கிறேன். வேலை நடக்கும் இடத்தில் ஒருத்தி ஜல்லிக் கூடையைக் கோணலாகச் சாய்த்தால்கூட நாலு வயல் தள்ளி மாடு மேய்க்கிறவர் திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்துவேன். "அண்ணிக்கு உடம்பு சரியில்லயா? வந்து அரைமணி நேரம் ஆச்சு, இன்னும் யாரையும் திட்டலயே" என்று என் கொழுந்தன் கிண்டல் செய்வான். அவன்தான் எங்கள் மிக்ஸர் மெஷினை ஓட்டுகிறவன். நான் மேஸ்திரி. எங்கள் காங்கிரீட் செட்டில் என்னோடு சேர்த்துப் பதினாறு பேர், அதில் பத்துப் பேர் பெண்கள், எல்லாரும் வரதராஜன்பேட்டையைச் சுற்றியுள்ளவர்கள்.

என் அம்மா அடுத்தவர் வயலில் நாற்று நட்டவள். நான் பதினேழு வயதில் செங்கல் சுமந்தேன், அப்புறம் பூச்சுக் கரண்டி பிடித்தேன். "பொம்பளைக்கு எதுக்குடி கரண்டி" என்று கேட்ட ஆட்களின் வீட்டுச் சுவரையே பூசினேன். பிறகு செட் சேர்த்தேன். எங்கள் செட்டுக்கு ஒரு பேர் இருந்தது. சலிக்காத மணல் எங்கள் மிக்ஸரில் ஏறாது. அரியலூர், ஜெயங்கொண்டம் பக்கம் யாரைக் கேட்டாலும், "அந்தம்மா செட்டா? மணலைக் கோதுமை மாவு கணக்கா சலிச்சுத்தான் போடுவாங்க" என்பார்கள். அந்தப் பேச்சைக் கேட்டால் எனக்கு இரண்டு நாளைக்குச் சோறு வேண்டாம்.

கொள்ளிடத்து மணல் வந்துகொண்டிருந்த காலத்துப் பழக்கம் அது. ஆற்று மணலில் கிளிஞ்சல் இருக்கும், வேர் இருக்கும், கூழாங்கல் இருக்கும். சல்லடையைச் சாய்த்து நிறுத்தி, ஒரு லோடு மணலை வீசிச் சலித்தால் மேலே ஒரு கூடை, மிஞ்சினால் இரண்டு கூடை குப்பை நிற்கும். கீழே விழுந்த மணல் கையில் அள்ளினால் நழுவும். அதைப் பார்க்கவே ஆசையாக இருக்கும்.

பிறகு ஆற்று மணல் கிடைப்பது நின்றுபோனது. எங்கே பார்த்தாலும் எம்-சாண்ட். பெரம்பலூர்ப் பக்கத்துக் கல்குவாரிகளில் பாறையை உடைத்து, அரைத்து, கழுவி அனுப்புகிறார்கள். சாம்பல் நிறம். கையில் அள்ளினால் சுரசுரவென்று குத்தும். எனக்கு அதைக் கண்டாலே ஆகாது. "இது மணலா? பாறையோட பல்லு" என்று திட்டிக்கொண்டேதான் வேலை செய்தேன்.

குன்னத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் குடிதண்ணீர்த் தொட்டி வேலை வந்தது. ஆறு தூண் நிறுத்தி, அதன்மேல் பெரிய தொட்டி. மானாவாரிக் காடு அது. மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் மழையை நம்பி நிற்கிற பூமி. பெண்கள் குடத்தை வரிசையில் வைத்துவிட்டுக் காத்திருக்கும் ஊர். நாங்கள் இறங்கிய முதல் நாளே ஒரு அம்மா வந்து, "தாயி, ஒழுகாமக் கட்டிக் குடுத்துருங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒழுகுனா என் பேரை மாத்திக் கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டேன். வாய் எனக்கு எப்போதும் முன்னாடிதான் ஓடும்.

காண்ட்ராக்டர் திருச்சியில் இருப்பவர், போனில்தான் பேசுவார். வேலையைப் பார்க்க ஒரு இன்ஜினியரை வைத்திருந்தார். முப்பது வயதுகூட இராது, சட்டைப்பையில் மூன்று பேனா வைத்திருப்பார். குவாரியிலிருந்து வந்த எம்-சாண்டை எடுத்துப்போய், பெரம்பலூரில் ஒரு இன்ஜினியரிங் கல்லூரிச் சோதனைக்கூடத்தில் கொடுத்து, கலவைக்கு ஒரு கணக்கு வாங்கி வந்திருந்தார். ஒரு மூட்டை சிமெண்டுக்கு ஒன்றரைப் பெட்டி மணல், இரண்டு பெட்டி பெரிய ஜல்லி, ஒரு பெட்டி சின்ன ஜல்லி, தண்ணீர் இருபத்திரண்டு லிட்டர், கலவையை இளக்குவதற்குச் சொன்ன அளவு கெமிக்கல். அதை ஒரு பலகையில் எழுதி மிக்ஸர் பக்கத்தில் கட்டினார்.

"தண்ணி மட்டும் ஒரு சொட்டு கூடக்கூடாதுக்கா" என்றார்.

"சார், நான் கலவை போட ஆரம்பிச்சப்ப நீங்க பால்வாடியில இருந்திருப்பீங்க" என்றேன். கொழுந்தன் சிரித்தான். இன்ஜினியர் சிரிக்கவில்லை.

அஸ்திவாரம் ஒரே நாளில் போட வேண்டியது. நடுவில் நிறுத்தக் கூடாது. லாரி வர வர மணலைக் கொட்டினார்கள், கொட்டக் கொட்ட அள்ளி மிக்ஸரில் போட்டோம். சல்லடையை விரிக்கவே நேரமில்லை. எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. "சலிக்காம போடுறோமே, சாமி குத்தம் வந்துரும்" என்று புலம்பிக்கொண்டே இருந்தேன். இன்ஜினியர் காலையிலிருந்து பக்கத்திலேயே நின்றார். கலவை கொஞ்சம் முரடாகத்தான் இருந்தது, கலவையை அதிரவைக்கும் வைப்ரேட்டரை விட்டதும் அடங்கி உட்கார்ந்தது. அன்று கலவையில் கொஞ்சம் எடுத்துச் சோதனைக்காக அச்சில் வார்த்த சதுரக் கட்டிகளை ஏழு நாள் தண்ணீரில் ஊறவைத்துச் சோதனைக்கூடத்தில் நசுக்கிப் பார்த்தார்கள். நல்ல பலம்.

அடுத்தது தூண்களின் முதல் உயரம். அதற்குச் சாரம் கட்டி, கம்பி கட்டி, பலகை அடிக்க நாள் ஆகும். அந்த இடைவெளியில் என் செட்டுப் பெண்களை உட்கார விடுவேனா? குவிந்து கிடந்த எம்-சாண்ட் முழுவதையும் சலிக்கச் சொன்னேன். பூச்சு வேலைக்கு வைத்திருந்த நெருக்கமான சல்லடை. நான்கு நாள் சலித்தார்கள். மேலே நின்றது மலைபோல் குவிந்தது. "பாத்தியா, எவ்வளவு கல்லு! நம்ம தலையில கட்டிருக்கான் குவாரிக்காரன்" என்று அவனை ஏழு தலைமுறைக்கும் சேர்த்துத் திட்டினேன். மேலே நின்ற அந்த மணலை, மழைக்குச் சேறாகிக் கிடந்த கரிசல் தரையில் நடைபாதைக்குக் கொட்டி நிரப்பினோம். கால் வைக்க நன்றாக இருந்தது. கீழே விழுந்த மணல் பார்க்க அழகாக இருந்தது. பழைய மணல் திரும்பி வந்த மாதிரி எனக்குச் சந்தோஷம்.

தூண் போட்ட அன்று இன்ஜினியருக்குத் திருச்சியில் வேலை. கட்டிகளை மட்டும் வார்த்து வைக்கச் சொல்லிவிட்டுப் போனார். இருபத்திரண்டு லிட்டர் ஊற்றினோம். மிக்ஸர் சுற்றுகிறது, உள்ளே கலவை களிமண் மாதிரி ஒட்டுகிறது, இறங்கவே மாட்டேன் என்கிறது. "என்ன அண்ணி, விடட்டா?" என்றான் கொழுந்தன். "விடுடா" என்றேன். ஒரு வாளி. இன்னும் கொஞ்சம். கரண்டி வழுக்கிக்கொண்டு போகிற பதம் வந்ததும் கையைக் காட்டினேன். அந்தப் பதம் என் கைக்குத் தெரியும். மூட்டைக்கு ஐந்தாறு லிட்டர் கூடப் போயிருக்கும். எல்லா செட்டும் செய்வதுதான் என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

எட்டாம் நாள் இன்ஜினியர் பைக்கில் வந்தார். முகம் சரியில்லை. ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் நேரே என்னிடம் வந்தார்.

"அக்கா, தூண் கட்டி எல்லாம் ஃபெயில். அஸ்திவாரத்துக்கு வந்ததுல முக்கால் பங்கு பலங்கூட இல்ல."

"அதெப்புடி சார்? அதே சிமெண்ட், அதே மணல், அதே ஆளுங்க."

"அதான் நானும் கேக்குறேன். நான் பக்கத்துல நின்னப்ப பாஸாச்சு. நான் இல்லாத அன்னிக்கு ஃபெயிலாச்சு. சிமெண்ட் எங்கக்கா போச்சு?"

எனக்கு அந்தக் கேள்வி புரிய ஒரு நொடி ஆனது. மிக்ஸர் நின்றிருந்தது, பதினைந்து பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "காலிச் சாக்கை எண்ணிப் பாருங்க சார்" என்றேன். "சாக்கு இருக்கும்க்கா. அதுக்குள்ள இருந்தது தூணுக்குள்ள இருக்கணும்ல" என்றார்.

எங்கள் பக்கம் சிமெண்ட் ஆலை சூழ்ந்த ஊர். வேப்பிலை மேல் வெள்ளை படிந்திருக்கும், துவைத்த துணியை உதறிப் போட்டுக்கொள்ளும் பிழைப்பு. அந்த ஊரிலிருந்து வந்தவளைப் பார்த்துச் சிமெண்ட் திருடி என்கிறான் ஒருத்தன். என் வாயில் வந்ததையெல்லாம் இங்கே எழுத முடியாது. பேசி முடித்தபோது அவர் கண் கலங்கியிருந்தது. காண்ட்ராக்டர் போனில் சொல்லிவிட்டாராம், இந்த செட்டை நிறுத்து, வேறு செட் வரட்டும் என்று. வேலை போவது பெரிதில்லை. எங்கே போனாலும் வேலை உண்டு. திருட்டுச் செட் என்ற பேரோடு எங்கே போவது? என் பின்னால் நிற்கும் அந்தப் பெண்கள் வெயிலில் சேர்த்து வைத்த சொத்தே நல்ல பேர் மட்டும்தான். அன்று வீட்டுக்குப் போய் அழுதேன், அழுததற்காக என்னையே திட்டிக்கொண்டேன்.

மறுநாள் காலையில் சாமான்களை ஏற்ற வண்டி பிடித்துப் போனோம். நான் சாரத்துக்குக் கீழே உட்கார்ந்து அஸ்திவாரத்தையும் தூணையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அஸ்திவாரம் பாஸ், தூண் ஃபெயில். அன்று என்ன செய்தோம், தூண் போட்ட அன்று என்ன செய்தோம்? சிமெண்ட் அதே மூட்டை. ஜல்லி அதே ஜல்லி. தண்ணீர் கூட ஊற்றினோம், சரி, அது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அஸ்திவாரத்தன்று அதே இருபத்திரண்டு லிட்டரில் கலவை இறங்கியதே! இன்ஜினியர் நின்றார் என்பதற்காகக் கலவை பயந்துகொண்டா இறங்கியது? அதே மணல், அதே தண்ணீர். தூணுக்கு மட்டும் ஏன் அவ்வளவு தாகம்?

கொழுந்தன் சல்லடையைத் தூக்கி வண்டியில் போடப் போனான்.

"டேய், கீழ வைடா!" என்று கத்தினேன்.

அவன் திடுக்கிட்டு விட்டுவிட்டான். நான் எழுந்து நடைபாதைக்கு ஓடினேன். நான்கு நாள் சலித்துக் கொட்டியது முழுவதும் அங்கே கிடந்தது. ஆற்று மணலில் ஒரு லோடுக்கு இரண்டு கூடை நிற்கும். இங்கே நாலில் ஒரு பங்கை எடுத்துத் தரையில் கொட்டியிருக்கிறேன்! மணலின் பெரிய குருணையையெல்லாம் பொறுக்கி எறிந்துவிட்டு, பொடியையும் தூளையும் மட்டும் மிக்ஸரில் போட்டிருக்கிறேன். ஒரு படி அரிசியை நனைக்கிற தண்ணீர் ஒரு படி மாவைப் பிசையப் போதுமா? தினமும் அடுப்படியில் நிற்கிறவளுக்கு இது தெரியவில்லையே! பளாரென்று நெற்றியில் அடித்துக்கொண்டேன்.

மூன்று துணிப்பை எடுத்தேன். ஒன்றில், தூண் போட்ட பிறகு லாரி கொட்டி இன்னும் சலிக்காமல் கிடந்த மணல். ஒன்றில் சலித்துக் கீழே விழுந்தது. ஒன்றில் நடைபாதையில் கொட்டியது. பையோடு இன்ஜினியரின் ஷெட்டுக்குள் நுழைந்தேன். நேற்றுத் திட்டிய திட்டில் அவர் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"சார், உங்களுக்குக் கணக்குப் போட்டுக் குடுத்தாங்களே, அவங்ககிட்ட எந்த மணலக் குடுத்தீங்க?"

"லாரியில வந்தது."

"தூணுக்குள்ள போனது அது இல்ல. நாங்க சலிச்சுப்புட்டோம். இந்த மூணையும் சோதிக்கச் சொல்லுங்க. நான் சொல்றது தப்புன்னா நானே செட்டக் கூட்டிக்கிட்டுப் போயிடுறேன். திருடின்னு நீங்க ஊரெல்லாம் சொல்லிக்கங்க, வாயத் தொறக்க மாட்டேன்."

அவர் மூன்று பையையும் திறந்து பார்த்தார். சலித்த மணலை உள்ளங்கையில் தேய்த்தார். கை முழுக்க மாவாகப் படிந்தது. அவருக்கு முகம் மாறியது. "சலிச்சீங்களா?" என்றார். "எம்-சாண்டை எதுக்குக்கா சலிச்சீங்க?" குரலில் கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம் இருந்தது.

பெரம்பலூர்ச் சோதனைக்கூடத்தில் ஒரு மேடம் இருந்தார். மணலை அடுப்பில் காயவைத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய வட்டச் சல்லடைகளில் கொட்டி, குலுக்குகிற இயந்திரத்தில் வைத்தார். மேலே பெரிய கண், கீழே போகப் போகச் சின்னக் கண், கடைசியில் மாவு விழும் தட்டு. ஒவ்வொன்றிலும் நின்றதை எடை போட்டுக் கட்டம்போட்ட தாளில் கோடு வரைந்தார். தாளில் ஏற்கெனவே இரண்டு கோடு இருந்தது, மணல் அந்த இரண்டுக்கும் நடுவில் போக வேண்டுமாம். லாரி மணல் அழகாக நடுவில் போனது. சலித்த மணலின் கோடு மேல்கோட்டைத் தாண்டி வெளியே ஓடியது. மூன்றாவது பையில் பெரிய குருணை மட்டும்தான்.

"பெரிய மணி, நடுத்தர மணி, பொடி, எல்லாம் அளவா இருந்தாத்தான் ஒண்ணோட இடுக்குல ஒண்ணு உக்காரும்" என்றார் மேடம். "பெருசை எடுத்துட்டா மிச்சத்துல பொடிதான் கூடும். பொடி கூடுனா நனைய வேண்டிய பரப்பு கூடும். தண்ணி கேக்கும். ஊத்துன தண்ணி காய்ஞ்சுபோன எடமெல்லாம் காங்கிரீட்டுக்குள்ள ஓட்டை. யாரு இந்த மணலைச் சலிச்சது?"

"நான்தாங்க" என்றேன். சோதனைக்கூடத்தில் யாரும் சிரிக்கவில்லை, அதற்காக அந்த மேடத்துக்கு இன்றும் நன்றி.

திரும்பும் வழியில் இன்ஜினியர் பஸ்சில் என் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து வந்தார். "பலகையில எல்லாம் எழுதுனேன். சலிக்காதீங்கன்னு எழுதல. நீங்க சலிச்சுக்கிட்டு இருந்தப்ப நாலு நாளும் அந்தப் பக்கமாத்தான் போனேன், எதைச் சலிக்கிறீங்கன்னு கவனிக்கல" என்றார். "சரி விடுங்க" என்று சொல்லியிருக்கலாம். நான் சொல்லவில்லை. "நேத்து சொன்ன சொல்லு இன்னும் உள்ளே குத்துது சார்" என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

காண்ட்ராக்டர் லேசில் மசியவில்லை. காங்கிரீட்டுக்கு முழுப் பலம் வர இருபத்தெட்டு நாள் ஆகும், போட்ட தூணின் கட்டி அதற்குள் தேறுகிறதா பார்ப்போம் என்றார். இன்ஜினியர் வாதாடினார், எனக்கு எதிரிலேயே நின்று போனில் வாதாடினார். கடைசியில் ஒரு முடிவு வந்தது. சலிக்காத மணலில் இதே செட் ஒரு கலவை போட்டுக் காட்ட வேண்டும், அந்தக் கட்டிகளும் இருபத்தெட்டு நாளில் நசுக்கப்படும். தேறினால் தொட்டி எங்களுக்கு. தேறாவிட்டால் திருட்டுப் பேர் எங்கள் மேலேயே நிற்கும்.

கலவை போட்ட அந்தக் காலைப் பொழுதை என் கை மறக்காது. புதிய லோடு மணல் இறங்கியது. ஈரம் எவ்வளவு என்று முதலில் பார்த்தார் இன்ஜினியர், மணலில் இருக்கும் தண்ணீரைக் கழித்துக்கொண்டு மிச்சத்தை அளந்து வைத்தார். மிக்ஸர் சுற்றியது. கலவை ஆற்று மணல் மாதிரி வழுக்கவில்லை. சொரசொரவென்று திரண்டது. என் கை வாளியை நோக்கிப் போகிறது, நான் இழுக்கிறேன், திரும்பவும் போகிறது. கொழுந்தன் வாளியை எடுத்துத் தன் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான். "அண்ணி, ஆத்தா மேல சத்தியமாத் தரமாட்டேன்" என்றான்.

"இன்னும் ரெண்டு நிமிஷம் சுத்தட்டும்க்கா" என்றார் இன்ஜினியர். சுற்றியது. கெமிக்கல் வேலை செய்ய ஆரம்பித்தது, திரண்டு நின்றது மெல்ல இளகி மடியத் தொடங்கியது. இளக்கம் சரியா என்று பார்க்க, அடியும் முனையும் திறந்த தகரக் கூம்பில் கலவையை மூன்று அடுக்காகப் போட்டு, ஒவ்வொரு அடுக்கையும் கம்பியால் இருபத்தைந்து குத்துக் குத்தினார். கூம்பை நேராக மேலே தூக்கினார். கலவை சரிந்து விழவுமில்லை, விறைத்து நிற்கவுமில்லை. நிதானமாக இறங்கி உட்கார்ந்தது. கூம்பின் உயரத்திலிருந்து எவ்வளவு இறங்கியது என்று அளந்தார். அவர் எழுதி வைத்திருந்த அதே அளவு. என் கண்ணுக்கு வறட்டுக் கலவையாகத் தெரிந்தது, வைப்ரேட்டர் ஊசியைச் செருகியதும் தேன் மாதிரி அடங்கிப் பளபளத்தது. "அட இவனே!" என்றேன் சத்தமாக. இத்தனை வருடம் பாறையின் பல் என்று திட்டினேன். அதன் குணம் தெரியாமல் பழைய மணலின் குணத்தை அதனிடம் கேட்டுக்கொண்டிருந்தது நான்தான்.

ஏழாம் நாள் மூன்று கட்டியை நசுக்கினார்கள், நன்றாக வந்தது. காண்ட்ராக்டர், "இருபத்தெட்டு வரட்டும்" என்றார். அதற்கு நடுவில் பழைய தூணின் இருபத்தெட்டாம் நாள் கட்டியும் ஃபெயில். தூணை உடைக்க வேண்டும். அதை வேறு ஆளிடம் விட எனக்கு மனம் வரவில்லை. "நாங்க போட்டது, நாங்களே உடைக்கிறோம்" என்றேன். இன்ஜினியர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். காங்கிரீட்டைக் கொத்தும் பிரேக்கர் மெஷினை வைத்து, அஸ்திவாரத்தில் ஊன்றிய கம்பி வளையாமல் உடைத்தோம். உடைந்த துண்டை எடுத்துப் பார்த்தேன், குண்டூசி முனை அளவுக்கு ஓட்டை ஓட்டையாக இருந்தது. இதைப் போட்டுத் தொட்டியையும் மேலே ஏற்றியிருந்தால்! அந்த ஊர்ப் பெண்கள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். ஒருத்தி, "கட்டுறதுக்கு முன்னாடியே உடைக்கிறாங்களேடி" என்றாள். "ஒழுகாமக் கட்டத்தான் உடைக்கிறோம், போங்க" என்று அவளையும் ஒரு அதட்டு அதட்டினேன். யார் போட்டாலும் உதவட்டும் என்று கம்பியை நிமிர்த்திக் கட்டி, பலகையையும் திரும்ப அடித்து வைத்தோம்.

இருபத்தெட்டாம் நாள் நான் தனியாகப் போகவில்லை. பதினாறு பேரும் போனோம். காலை முதல் பஸ்சைப் பிடித்து, பெரம்பலூரில் இறங்கி, கல்லூரி வாசலில் வரிசையாக நின்றோம். வாட்ச்மேன், "யாரு வூட்டுக் கல்யாணம்?" என்று கேட்டார். மேடம் எல்லாரையும் உள்ளே விட்டார். "சத்தம் போடாம நிக்கணும்" என்றார். என்னைப் பார்த்துச் சொன்ன மாதிரி இருந்தது.

தண்ணீர்த் தொட்டியிலிருந்து கட்டியை எடுத்தார், துடைத்தார், எடை போட்டார். வார்த்த முகம் மேலே வராமல் பக்கம் திருப்பி இயந்திரத்தின் இரண்டு தட்டுக்கும் நடுவில் வைத்தார். இன்ஜினியர் என் பக்கத்தில் வந்து, "கட்டி உடையறதுக்குள்ள அழுத்தம் அறுநூத்தி எழுபத்தஞ்சு கிலோநியூட்டனைத் தாண்டணும்க்கா. அதுக்கு மேல போகப் போக நமக்கு லாபம்" என்று காதோரம் சொன்னார். இயந்திரம் உறுமியது. எண் ஏற ஆரம்பித்தது.

நூறு. இருநூறு. நானூறு. பழைய தூண் கட்டி அறுநூறையே எட்டாமல் வெடித்ததாம். ஐந்நூற்றைம்பது. அறுநூறு. கொழுந்தன் கண்ணை மூடிக்கொண்டான். அறுநூற்று நாற்பது. எழுபது. எழுபத்தைந்து தாண்டியது. எழுநூறு. கட்டி அசையவில்லை. "ஏறுது, ஏறுது!" என்று பின்னாலிருந்து ஒருத்தி கத்தினாள். எழுநூற்றைம்பது. "சத்தம்!" என்றார் மேடம். எண்ணூறு. எண்ணூற்று இருபத்தாறில் டப்பென்று சத்தம் வந்தது, நாலு பக்கமும் உதிர்ந்து நடுவில் இடுப்பு சிறுத்து நின்றது கட்டி. "நல்லா உடைஞ்சிருக்கு" என்றார் மேடம். வாழ்க்கையில் நான் கேட்ட பாராட்டிலேயே அதுதான் உசத்தி.

இரண்டாவது எண்ணூற்று நாற்பது. மூன்றாவது எண்ணூற்றுப் பத்து. மூன்றாவது வெடித்ததும் யாருக்கும் கட்டுப்பாடு இல்லை. என் செட்டுப் பெண்கள் குலவையிட்டார்கள். சோதனைக்கூடத்துக்குள் குலவை! அடுத்த அறையிலிருந்து மாணவர்கள் ஓடி வந்து எட்டிப் பார்த்தார்கள். நான் சிரித்தேனா அழுதேனா தெரியாது, இரண்டும்தான். கொழுந்தன் என் முன்னால் கும்பிடு போட்டு, "அண்ணி, இனிமே எவ்வளவு வேணாலும் திட்டுங்க" என்றான்.

இன்ஜினியர் போனை எடுத்தார். காண்ட்ராக்டரைக் கூப்பிட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டார்.

"சார், மூணும் பாஸ். எல்லாம் எண்ணூறுக்கு மேல."

"ம்ம். சரி. அந்தச் சிமெண்ட் விஷயம்?"

பதினாறு பேரும் அவர் முகத்தைப் பார்த்தோம்.

"ஒரு மூட்டை சிமெண்டுகூட எங்கயும் போகல சார். எல்லாம் தூணுக்குள்ளதான் இருந்துச்சு. மணல் மாறிப்போனதை நான் பாக்கல, தண்ணி கூடுனதையும் பாக்கல. வாயில வந்ததச் சொல்லிட்டேன். அந்தச் சொல்லு என்னோட தப்பு. அவங்க எல்லாரும் இங்கதான் நிக்கிறாங்க, அவங்க முன்னாடியே சொல்றேன்."

காண்ட்ராக்டர், "அப்ப தூணு யாரு போடுறது? புதுச் செட்டை வரச் சொல்லி வெச்சிருக்கேனே" என்றார்.

இன்ஜினியர் வாயைத் திறப்பதற்குள் போனை அவர் கையிலிருந்து வாங்கிவிட்டேன்.

"அவங்களை வேணாம்னு சொல்லிருங்க சார். தூணும் நாங்கதான், தொட்டியும் நாங்கதான். நாளைக்குக் காலையில மிக்ஸர் ஓடும்."